நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு மசாலா

நாகூர் மீரான் பாய் நான் கொடுத்த தாளை முதலில் முகர்ந்து பார்த்தார். நாற்பது வருஷமாக மசாலா விற்கிறவர், கைக்கு எது வந்தாலும் அது முதலில் மூக்குக்குத்தான் போகும். என் தாளில் பிரிண்டர் மை வாசனையைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"மாதாந்திரப் பராமரிப்புத் திட்டம். மாசம் இருநூத்தி எண்பது வெள்ளி," என்று பணத்தொகையை அழுத்தி, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "ஏம்மா காமினி, வெப்சைட் என்ன புள்ளத்தாச்சியா, மாசாமாசம் செக்கப் பண்ண?"

மிளகாய் அளந்துகொண்டிருந்த இரண்டு பையன்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? குயின் ஸ்திரீட்டில் மீரான் பாய் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம்தான் தெருவே தலையாட்டும். அவர் கார்டு மிஷின் வாங்கிய மாதம் ஏழு கடைகள் வாங்கின. அவர் வேண்டாமென்று தள்ளிய டெலிவரி கம்பெனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை.

எனக்கோ அவர் தலையாட்டியே ஆகவேண்டிய நிலைமை. கடைகளுக்கு இணையத்தளம் போட்டுக்கொடுத்து, போட்டதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியபோது நானும் என் கணவர் யுகேந்திரனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆறு மாதம் பார்ப்பது, சொந்தக் காலில் நிற்க முடியாவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்கிற ஊரில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஐ.டி. வேலைக்குப் போய்விடுவது. அது ஆறாவது மாதம். கையில் இருந்தது நான்கு வாடிக்கையாளர்கள். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஒரு தொழிற்சாலையில் நேர்காணல் என்று கடிதமும் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றிக்கொடுப்பதற்காகவா நான் இத்தனை பாடுபட்டேன்?

"அப்டேட்," என்று அடுத்த வரிக்கு வந்தார் பாய். "நல்லா ஓடுற வண்டிய எதுக்குத் தொடணும்?"

"ஓடுற வண்டிக்குத்தானே பாய் எண்ணெய் மாத்துறோம்? பழைய ஓட்டைய அடைக்கத்தான் அப்டேட் வருது. அடைக்காம விட்டா அது வழியா திருடன் வருவான். மொதல்ல உங்க சைட்டோட ஒரு காப்பியில போட்டுப் பாப்பேன். அங்க ஒண்ணும் உடையலன்னாதான் உங்க கடையில போடுவேன். பெருநாளுக்கு முந்தின பத்து நாள், ரொம்ப அவசரமான பாதுகாப்பு அப்டேட் தவிர வேற எதையும் தொடவே மாட்டேன்."

அந்தப் பத்து நாள் விஷயத்தில் அவர் புருவம் உயர்ந்தது. பெருநாள் வியாபாரம் தெரிந்தவள் என்று ஒரு மதிப்பெண் விழுந்திருக்கும். ஆனால் அடுத்த வரியிலேயே பிடித்துக்கொண்டார்.

"பதில் நேரம் ஒரு மணி நேரம்னு போட்டிருக்க. இப்ப பாத்துக்கிட்டிருக்கானுங்களே பட்டர்வொர்த் கம்பெனி, அவனுங்க பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கானுங்க. இருபத்துநாலு மணி நேரமும். நீ காலையில எட்டுலருந்து ராத்திரி பத்து வரைக்கும்தானாம். காசும் அவனுங்கதான் கம்மி. நூத்தம்பதுதான் லா."

"பதில் நேரம்னா சரிபண்ணி முடிக்கிற நேரம் இல்ல பாய். ஒரு மணி நேரத்துக்குள்ள நான், மனுஷி, உங்ககிட்ட பேசி வேலைய ஆரம்பிச்சிருப்பேன். எப்ப முடியும்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். கடை மூடிப்போச்சு, ஆர்டர் போட முடியல, இந்த மாதிரி அவசரத்துக்குத்தான் ஒரு மணி நேரம். போட்டோ மாத்தணும், வெலை மாத்தணும்னா அடுத்த வேலை நாள். செய்ய முடிஞ்சததான் எழுதியிருக்கேன்."

"உண்மைய எழுதினா யாரும்மா வாங்குவா?" என்றார் பாய், கிண்டலாகத்தான்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த அவர் மகள் அஃப்ரீன் வாயைத் திறந்தாள். இணையத்தளத்தையும் பார்சல்களையும் பார்த்துக்கொள்வது அவள்தான். "அத்தா, பேக்கப் வரியப் படிங்க. அதுதான் முக்கியம்."

அந்தக் கடையின் உயிர் எங்கே இருக்கிறது என்று அஃப்ரீனுக்குத் தெரியும். மீரான் பாய் கடையில் கறித்தூள் பொதுவாக அரைத்து விற்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு. ஒரு வீட்டுக்குச் சோம்பு கூட, இன்னொரு வீட்டுக்கு மிளகு கூட, பட்டையே ஆகாத வீடும் உண்டு. இப்போது மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பது வீடுகள்; அளவுகள் முன்பு எட்டு நோட்டுகளில் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் அஃப்ரீன் அவ்வளவையும் இணையத்தளத்தில் ஏற்றினாள். இணையத்தில் ஆர்டர் செய்தாலும் சரி, நேரில் வந்து நின்றாலும் சரி, பெயரைத் தட்டினால் கவுண்டரில் உள்ள டேப்லெட்டில் அளவு வந்து நிற்கும். ஏற்றி முடித்த வாரமே பாய் எட்டு நோட்டையும் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டார். வருஷாவருஷம் நோன்புக்கு முன்னால் கடையைக் கழுவித் துடைத்து, வேண்டாததை எல்லாம் வெளியே தள்ளுவது அவர் வழக்கம். அதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

நான் பேக்கப் வரியை விளக்கினேன். தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு நகல், முப்பது நாளுக்கு வைத்திருப்பது, நகல் வேறொரு இடத்தில் இருப்பது, மாதம் ஒருமுறை அந்த நகலை உண்மையிலேயே திறந்து ஓட்டிப் பார்ப்பது. "இப்ப உங்க கம்பெனி எடுக்கிற நகல் உங்க சைட் இருக்கிற அதே சர்வர்லதான் கெடக்கு. வீட்டோட ரெண்டாவது சாவிய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டின மாதிரி. அவங்கள ஒரு தடவ தெறந்து காட்டச் சொல்லுங்க."

"மத்தவன் சரக்கப் பத்திப் பேசாத," என்றார் பாய். "எங்க தொழில்ல ஏலக்காய உடைச்சுப் பாக்காம மூட்டை எடுக்கமாட்டோம். ஒனக்கு ஒரு வாரம் தரேன். திங்கள்லருந்து திங்கள். அவனுங்களும் இருக்கட்டும், நீயும் இரு. ருசி பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரு தளத்தை இரண்டு பேர் பராமரிப்பது எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம். இரண்டு மருமகள்களை ஒரே அடுப்பில் விடுவது போல. ஆனால் வாசலில் நின்று பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. சரி என்றேன். திங்கள் இரவிலிருந்து தினமும் என் நகல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பாய் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் என்னைக் கூப்பிடவே இல்லை. ஒன்றும் கெடாத வாரத்தில் பராமரிப்பை எப்படி ருசி பார்ப்பது? இந்த வாரம் ஏதாவது கெட்டுத் தொலையக்கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு பத்து காவான் போனேன். நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். என் வேலை அனுபவத்தைக் கேட்டார், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று கேட்டார். பிறகு, அவசரமான பிரச்சினை ஒன்றைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். மடியில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

அவசரம் என்று வரும் செய்திகளுக்கு மட்டும் அப்படி அதிரும்படி வைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். அஃப்ரீன். 'அக்கா, பாதி வீடு காணோம். பேர் தட்டினா வரல. நம்ம பழைய வாடிக்கை ஆயிஷா மாமி கடையில நிக்கிறாங்க. அத்தா காலையில ஏதோ கிளீன் பண்ணாராம்.'

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எந்த வெண்ணெய், எந்தத் தாழி என்றுதான் எனக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. என் எதிரே சம்பளம், மருத்துவக் காப்பீடு, வருஷக் கடைசி போனஸ் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. என் தாளிலோ ஒரு மணி நேரம் என்று இருந்தது. கையெழுத்து ஆகாத தாள்தான். ஆனாலும் அந்த வரியை எழுதியது நான்.

"மன்னிச்சிருங்க," என்றேன். "அந்த மாதிரி பிரச்சினை ஒண்ணு இப்பதான் வந்திருக்கு. நான் போகணும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கால்கள் தாமாகவே வேகமாக நடந்தன.

பன்னிரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு அஃப்ரீனை அழைத்தேன். "யாரும் எதையும் தொடாதீங்க. டேப்லெட்ல எதுவும் அழுத்த வேணாம். கவுண்டர் ஆர்டர தாள்ல எழுதிக்குங்க. என்ன நடந்துச்சு, மெதுவா சொல்லு."

நடந்தது இதுதான். நோன்புக்கு எட்டு நாள் இருந்தது. வழக்கம்போலக் கடையைக் கழுவிய பாய், இந்த வருஷம் இணையத்தளத்தையும் கழுவிவிட்டார். அஃப்ரீன் பார்சல் அனுப்பப் போயிருந்த நேரம். வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆர்டர் எண்ணிக்கை இருந்தது. நிறையப் பேருக்குப் பூஜ்யம். இரண்டு வருஷமாக ஒன்றும் வாங்காத ஆள் எதற்கு என்று, பூஜ்யம் இருந்த பெயர்களை எல்லாம் டிக் அடித்து, பக்கம் பக்கமாக அழித்துவிட்டார். பிறகு திருப்தியோடு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியாயிற்று. கைப்பேசியும் அணைத்தாயிற்று.

பூஜ்யம் என்றால் வாங்காதவர்கள் இல்லை. இணையத்தில் வாங்காதவர்கள். தலைமுறையாக நேரில் வந்து கவுண்டரில் நின்று வாங்குகிற வீடுகள் அவை. கடையைத் தூக்கி நிறுத்திய ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளியிருக்கிறார் மனுஷன். எழுதிய பதிவை அழித்தால் அது குப்பைக்கூடையில் போய்க் கிடக்கும், பிறகு எடுக்கலாம். அந்த மென்பொருளில் ஆளை அழித்தால் குப்பைக்கூடையும் கிடையாது. ஆளோடு அவர் வீட்டு அளவும் போய்விடும்.

"மாமிக்கு இன்னிக்கு என்ன வேணும்?"

"பதினஞ்சு கிலோ கறித்தூள். நாளைக்கு எண்ணூறு பேர் கல்யாணச் சாப்பாடு. அளவு மாமிக்கே தெரியாதுக்கா. அவங்க வீட்டுக்காரரும் அத்தாவும் சேர்ந்து போட்டது. மாமா மௌத்தாகி அஞ்சு வருஷமாச்சு. அத்தாவுக்குப் பதினாலு சாமான்ல ஒம்பதுதான் ஞாபகம் இருக்கும். ரெண்டரைக்கு வறுக்க ஆரம்பிச்சாதான் சாயங்காலத்துக்குள்ள முடியும்."

"உங்க கம்பெனிக்குச் சொன்னியா?"

"உங்களுக்குச் சொன்ன அதே நிமிஷம். உடனே பதில் வந்துச்சு. உங்கள் புகாருக்கு நன்றி, எண் நாலாயிரத்தி நூத்திப் பதினெட்டுன்னு. அதோட சரி."

பதினைந்து நிமிஷ வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். மிஷின் காப்பாற்றியது.

காரில் மடிக்கணினியைத் திறந்து, கைப்பேசி இணைப்பில் போனேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அதனால் முதலில் எதையும் திருப்பி வைக்கவில்லை. இப்போது இருக்கிற நிலையை, பாதி காலியாக இருந்தாலும், அப்படியே ஒரு நகல் எடுத்தேன். நான் ஏதாவது தப்புச் செய்தால் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டுமே. அது முடிந்ததும், அன்று அதிகாலை இரண்டு மணி நகலைத் தனியாக ஒரு சோதனைத் தளத்தில் விரிக்கவிட்டேன். அது விரிந்து முடிய அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் பாலத்தைக் கடந்துவிடலாம் என்று வண்டியை எடுத்தேன்.

தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் பாதி வழியில் அஃப்ரீன் திரும்ப அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பட்டர்வொர்த்துலருந்து ஆள் பேசுறாரு. பழைய பேக்கப் இருக்காம். ஒரு பட்டன அழுத்தினா பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துடுமாம். அழுத்தவான்னு கேக்குறாரு. லைன்ல இருக்காரு."

"எந்தத் தேதி பேக்கப்னு கேளு."

அவள் அந்த ஆளிடம் கேட்டாள். பிறகு, "பதினோரு நாளுக்கு முந்தினதாம். அதுக்கப்புறம் சர்வர்ல எடம் இல்லாம பேக்கப் நின்னுபோச்சாம். இப்பதான் பாத்தாங்களாம்," என்றாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தினசரி பேக்கப் என்று அவர்கள் தாளில் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தார்கள்!

"அஃப்ரீன், நல்லா கேளு. அத அழுத்தினா முழு சைட்டும் பதினோரு நாள் பின்னால போயிடும். இந்தப் பதினோரு நாள்ல வந்த ஆர்டர் எல்லாம் அழிஞ்சிடும். காசு கட்டினவங்க இருப்பாங்க, ஆர்டர் இருக்காது. நோன்பு ஆர்டர் எத்தனை?"

"முந்நூத்துச் சொச்சம்," என்றாள் மெல்ல.

"வேணாம்னு சொல்லு. என்கிட்ட இன்னிக்கு அதிகாலை நகல் இருக்கு. அதையும் மொத்தமா போடமாட்டேன், ஏன்னா இன்னிக்குக் காலையில வந்த ஆர்டர் போயிடும். காணாமப் போனவங்கள மட்டும் எடுத்து வைப்பேன்."

"முடியுமாக்கா? அத்தாவக் கேக்கவும் முடியல. நான் தப்பா முடிவெடுத்தா கடையே..."

முடியும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "முடியணும். நகலைத் திறந்து பாத்தாத்தான் நூறு சதவீதம் சொல்வேன். ஆனா நான் செய்யறதுல உள்ளது எதுவும் அழியாது. அவங்க செய்யறதுல கட்டாயம் அழியும்."

அவள் அந்த ஆளிடம் பேசுவது கேட்டது. "வேணாங்க. தொடாதீங்க. எங்க ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."

எங்க ஆள்! தனியாக வண்டியில் போகிறவள் என்றாலும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஒன்றே கால் மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே ஆயிஷா மாமி உட்கார்ந்திருந்தார். ஆயர் ஈத்தாம் பகுதியில் நாசி கண்டார், அதாவது சோறும் கறிகளும் விற்கும் கடை, வைத்திருப்பவர். அவர் கையில் ஒரு பழைய தூள் டப்பா இருந்தது, அடியில் ஒரு விரல் அளவுக்குத் தூள்.

"நீதான் கம்ப்யூட்டர் புள்ளையா?" என்றார். "இருபது வருஷமா எங்க கடைக்கு இந்த ஒரு கறி ருசிதான் பேரு. அத இவரு ஒரு பட்டன்ல தொடச்சிப் போட்டுட்டாரு. வரட்டும், பேசிக்கிறேன்."

சோதனைத் தளம் விரிந்து முடிந்திருந்தது. மாமியின் பெயரை அங்கே தட்டினேன். பெயர் வந்தது. பதினான்கு சாமானும் கிராம் கிராமாக வந்தன. அஃப்ரீன் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது சோதனைத் தளம். கடையில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

காலை நகலையும் இப்போது இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கே இருந்து இங்கே இல்லாத பெயர்களைப் பிரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. முதலில் மாமியை மட்டும் கடைத் தளத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். டேப்லெட்டில் பெயர் வந்தது. அதைத் தட்டினால் அளவு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ஐயோ," என்றாள் அஃப்ரீன்.

மாமி டப்பாவை இறுக்கிப் பிடித்தார். நான் இரண்டு தளத்தின் பட்டியல்களையும் மறுபடி திறந்து பார்த்தேன். பிறகு உறைத்தது. ஆளின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கும், ஆளைப் பற்றிய விவரம் வேறொரு பட்டியலில் இருக்கும். நான் ஒன்றை மட்டும்தான் கொண்டுவந்திருந்தேன். என் மேலேயே எரிச்சல் வந்தது. எல்லாருக்கும் சேர்த்துப் போடாமல் ஒருத்தருக்கு மட்டும் போட்டுப் பார்த்த புத்திக்காக என்னை மன்னித்துக்கொண்டேன். இரண்டாவது பட்டியலில் மாமியின் எண்ணுக்கு உள்ளதை எடுத்து, அதே எண்ணில் வைத்தேன்.

"இப்ப தட்டு."

அஃப்ரீன் தட்டினாள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு என்று தொடங்கி, கடைசியில் கசகசா வரைக்கும் பதினான்கு வரி. மாமி எழுந்து வந்து, படிக்கத் தெரியாத குழந்தை படம் பார்ப்பது போல அந்தத் திரையைப் பார்த்தார். "அதுல ஒரு எடத்துல அன்னாசிப்பூ ரெண்டு தடவ இருக்கணும். வறுத்தது ஒரு பங்கு, வறுக்காதது ஒரு பங்கு. அது மட்டும் எனக்குத் தெரியும்," என்றார்.

இருந்தது. இரண்டு தடவையும் இருந்தது.

"பாத்தீங்களா, எங்க வீட்டுக்காரரு கெட்டிக்காரரு," என்று மாமி அழுதுகொண்டே சிரித்தார். அஃப்ரீன் உள்ளே ஓடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

மீதி நானூற்றுப் பதினொன்றையும் அதே வழியில் கொண்டுவந்தேன். இரண்டு மணி ஐந்துக்கு எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று முப்பது வீடு, அன்று காலை புதிதாகச் சேர்ந்த இரண்டு வீடு. ஆக ஆயிரத்து நூற்று முப்பத்திரண்டு. அன்று காலை வந்த பதினேழு ஆர்டரும் அசையாமல் இருந்தன. எங்கெங்கோ இருந்து பத்துப் பெயரைப் பொறுக்கித் தட்டிப் பார்த்தோம். பத்தும் சரி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாராவது ஒரு மாலையைக் கொண்டுவந்து போட்டிருந்தால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டியிருப்பேன்.

இரண்டரைக்கு மீரான் பாய் வந்தார். வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசனை, முகத்தில் நல்ல காரியம் முடித்த வெளிச்சம். "என்ன எல்லாரும் இங்க? காமினி, ஒனக்கும் வேலை மிச்சம் பண்ணிட்டேன். வெப்சைட்ட நானே சுத்தம் பண்ணிட்டேன் லா!" என்றார்.

மாமி எழுந்தார். அடுத்த ஐந்து நிமிஷம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. குயின் ஸ்திரீட்டின் பாதிக்குக் கேட்டிருக்கும். பக்கத்து ஜவுளிக்கடை வேலு அண்ணன் ஷட்டருக்குக் கீழே குனிந்து, என்ன கலவரம் என்று எட்டிப் பார்த்தார்.

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இவங்க பழனியப்பன் வீடு," என்றார் தனக்குள். "இது என் கூடப் பொறந்த காக்காவோட சம்பந்தி வீடு. இவங்களயெல்லாமா நான்..." பிறகு என்னைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாரும் வந்துட்டாங்க பாய்."

"பதினொண்ணு அம்பத்திரண்டுக்குச் சொன்னேன் அத்தா," என்றாள் அஃப்ரீன். "பன்னெண்டு மூணுக்கு அக்கா பேசினாங்க. வேலைக்கு இண்டர்வியூ நடந்துக்கிட்டிருந்துச்சாம். பாதியில எந்திரிச்சு வந்திருக்காங்க."

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன். இஸ்திரிச் சட்டையில் நேர்காணல் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பாய் மேசை இழுப்பறையில் இருந்து என் தாளை எடுத்தார். இந்தத் தடவை வரிவரியாக வாய்க்குள் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "எல்லாம் இருக்கு. அப்டேட் இருக்கு, பேக்கப் இருக்கு, பதில் நேரம் இருக்கு. மொதலாளியே கெடுத்தா என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்லையேம்மா?"

"அப்படி எப்படி பாய் எழுதுறது? மரியாதையா இருக்காதே."

"நான் எழுதுறேன்." கல்லாவில் இருந்த பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'கடை வெப்சைட்டில் எதையும் அழிக்கும் உரிமை முதலாளிக்குக் கிடையாது.' கீழே கையெழுத்தும் போட்டார். தேதியும் போட்டார்.

நான் அந்த இடத்திலேயே அவருடைய கணக்கை நிர்வாகி நிலையிலிருந்து கீழே இறக்கினேன். விலை பார்க்கலாம், ஆர்டர் பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் உடனே டேப்லெட்டை வாங்கி, அழிக்கும் பட்டனை மூலை முடுக்கெல்லாம் தேடினார். கிடைக்கவில்லை. அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் மாமியின் கோபமும் கரைந்துபோனது. "வேலு! வேலு, இங்க வா!" என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்கே போய்விட்டார். "ஒன் சைட்டோட பேக்கப் எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? தெரியாதுல்ல? இந்தப் புள்ளகிட்டப் பேசு!"

கால் மணி நேரத்தில் வேலு அண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் நகைக்கடை ஷஃபீக் வந்தார். இருவர் கையிலும் தாள் கேட்கும் அவசரம். பையில் இருந்த இரண்டு படிவத்தையும் கொடுத்தேன். உள்ளே மாமியின் கறித்தூள் வறுபட்டு, அந்த வாசனை தெரு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கைப்பேசி ஒலித்தது. காலையில் நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். இல்லை. நான் எழுந்து போன பிறகு மூன்று பேரும் பேசினார்களாம். கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லையாம். அவசரம் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். எப்போது வேலையில் சேர முடியும் என்று கேட்டார்.

ஒரு கணம் யுகேந்திரனை நினைத்தேன். நாங்கள் பேசிக்கொண்ட ஆறு மாதத்தை நினைத்தேன். எதிரே வேலு அண்ணன் பேனா கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றேன். "சேர முடியாது. இப்பதான் எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

பேனாவை வேலு அண்ணனிடம் கொடுத்தேன்.